ஸ்லைடுல வீடியோவ ட்ரிம் பண்ணியும் முகப்புப் படம் குழம்புது, உதவி தேவை

வெள்ளவத்தை கெமிஸ்ட்ரி மிஸ்:
வணக்கம். ஏ எல் பிள்ளைகளுக்கு நியமிப்பு காட்டுற ஒரு கிளிப்ப ஃபோனால எடுத்து பவர்பாயிண்ட்ல போட்டிருக்கன். முதல் 6 செக்கன்ட் கை ஆட்டம், அதோட பின்னால ஆரோ ஒரு பிள்ளையின்ட மார்க்ஸ் சொல்லுற சத்தமும் கேட்குது, அதால ட்ரிம் பண்ணிட்டன். பிறகு ஸ்லைடுல வடிவா தெரியட்டும் எண்டு கரைசல் இளம் பிங்க் ஆகுற இடத்த போஸ்டர் ஃபிரேமா வச்சன். இப்ப கிளாஸ்ல க்ளிக் பண்ண பிங்க் பிளாஸ்க் டக்கெண்டு நிறமில்லாததா மாறி பிறகுதான் ஓடுது, பார்க்க அசிங்கமா இருக்கு. ட்ரிம் பண்ணியும் ஃபைல் சைஸ் கொஞ்சமும் குறையேல்ல. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை தம்பி:
மிஸ், ஸ்க்ரீன்ஷாட் ஒண்டு எடுத்து Poster Frame உள்ள Image from File குடுங்கோ, நான் எப்பவும் அப்படித்தான் செய்யுறது.

தெஹிவளை எடிட்டர்:
தம்பி சொல்றது செய்ய ஏலும், ஆனா ஸ்க்ரீன்ஷாட்டின்ட நீள அகலம் வீடியோவோட பொருந்தாட்டி அத இழுத்து நிரப்பிடும், பிளாஸ்க் சப்பையா தெரியும். மிஸ்ஸின்ட பாய்ச்சலும் அதால நிக்காது.

மிஸ், போஸ்டர் ஃபிரேம் வெறும் ஒரு படம், வீடியோ எங்க தொடங்கும் எண்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. க்ளிக் பண்ணினதும் படம் போய் ட்ரிம் தொடங்குற இடத்தில இருந்து வீடியோ வரும், ரெண்டும் வேற வேற காட்சி எண்டா பாயத்தான் செய்யும். அதோட பிங்க் நிறத்த முதலே காட்டினா பிள்ளைகள் முடிவுப்புள்ளிய தாங்களா கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

இப்படி செய்து பாருங்கோ. Playback உள்ள Trim Video திறந்து பச்சைக் குறிய கை விலகி பியூரெட்டும் பிளாஸ்க்கும் அசையாம நிக்கிற இடத்துக்கு கொண்டு போங்கோ, கீழ இருக்கிற ஃபிரேம் பட்டன்களால ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்தலாம், இல்லாட்டி Start Time பெட்டியில 00:06.200 மாதிரி நேரத்தையே அடிக்கலாம். சிவப்புக் குறியையும் கவனமா வையுங்கோ, ஏனெண்டா வீடியோ முடிஞ்சதும் கடைசி ஃபிரேம்தான் திரையில நிக்கும். பிங்க் அங்க நிக்கட்டும், அதுதான் அதுக்குரிய இடம்.

OK குடுத்திட்டு ஸ்லைடுல வீடியோக்கு கீழ வாற பட்டையில 0.25 செக்கன்ட் முன்னுக்கு போற பட்டன ஒருக்கா அமத்துங்கோ, பிறகு Video Format, Poster Frame, Current Frame. பட்டையில Poster Frame Set எண்டு வந்தா சரி. காட்சி அசையாம இருக்கிறதால அந்த கால் செக்கன்ட் வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியாது.

மருதானை நானா:
எனக்கு வேற பிரச்சின, கல்யாண வீட்டு வீடியோல நடுவுல ஒரு துண்ட எடுக்கணும், பச்சை சிவப்பு ரெண்ட வச்சி எப்படி நடுவ வெட்டுற?

தெஹிவளை எடிட்டர்:
வெட்ட ஏலாது நானா, அது ரெண்டு முனையத்தான் வெட்டும். ஸ்லைட டூப்ளிகேட் பண்ணி முதலாவதுல முன் பாதி, அடுத்ததுல பின் பாதி எண்டு வையுங்க. நிறைய இடம் வெட்ட இருந்தா வீடியோ எடிட்டர்லயே செய்துட்டு கொண்டு வாறது நல்லம்.

மிஸ், சைஸ் விஷயம். ட்ரிம் பண்ணின துண்டு அழியிறதில்ல, ஒளிச்சுத்தான் இருக்கு. ஃபைல கொப்பி பண்ணி `.pptx` எண்டத `.zip` எண்டு மாத்தி திறந்து `ppt/media` உள்ள பாருங்கோ, முழு வீடியோவும் கிடக்கும், அந்த மார்க்ஸ் சொல்லுற சத்தத்தோட. பிள்ளைகளுக்கு ஃபைல அனுப்ப முன்ன File, Info, Compress Media போய் Full HD (1080p) தெரிவு செய்யுங்கோ, அதுதான் வெட்டினத உண்மையிலயே எறியும். ஒரிஜினல வேறயா சேவ் பண்ணி வையுங்கோ, மூடிட்டா பழைய நிலைக்கு கொண்டுவர ஏலாது.

வெள்ளவத்தை கெமிஸ்ட்ரி மிஸ்:
பாய்ச்சல் நிண்டுட்டு, மிச்சம் நன்றி! கம்ப்ரெஸ் பண்ணின பிறகு அந்த ஃபோல்டருக்குள்ள இருக்கிற வீடியோவ தனியா ஓடவிட்டு பார்த்தன், அந்தச் சத்தம் இல்ல.

பம்பலப்பிட்டி அக்கா:
என்ட மேக்ல Compress Media எண்டு ஒண்டையே காணேல்லயே?

தெஹிவளை எடிட்டர்:
மேக்ல அது இல்ல அக்கா. குயிக்டைம் ப்ளேயர்ல Edit, Trim குடுத்து சேவ் பண்ணிட்டு, அந்த வெட்டின ஃபைல ஸ்லைடுல போடுங்கோ.

கொட்டாஞ்சேனை தம்பி:
அண்ணா இன்னொண்டு. நாங்க கிளாஸ் எடுக்கிற இடத்து பழைய கம்ப்யூட்டர்ல லிப்ரே ஆபீஸ்தான் இருக்கு, அதில ட்ரிம் பண்ணின ஃபைல திறந்தா வெட்டின இடமும் சேர்ந்து ஓடுது. கம்ப்ரெஸ் பண்ணிட்டு கொண்டு போனா சரி வருமா?

தெஹிவளை எடிட்டர்:
வெட்டின துண்டே ஃபைல்ல இல்லாட்டி ஓட வழியில்ல, ஆனா அந்தக் கம்ப்யூட்டர்ல போஸ்டர் படம் எப்படி வரும் எண்டு நீங்கதான் போட்டு பார்க்கணும். பார்த்திட்டு இங்க சொல்லுங்கோ.