தண்டுல இருக்கிற புள்ளி பூச்சியா, தழும்பா? ஏமாந்த கதைகளை எழுதுங்க

பாளை மாடிவீடு:
போன மாசம் நான் போட்ட போட்டோ ஞாபகம் இருக்கா? ஹால்ல ஜன்னலோரம் நாலடி உயர பைக்கஸ், தண்டு பூரா பழுப்புப் புள்ளி. பாதிப் பேர் பூச்சின்னீங்க, பாதிப் பேர் மரத்தோட இயல்புன்னீங்க. கடைசில ரெண்டு கட்சியும் ஜெயிச்சிருச்சு.

எங்க ஆச்சிதான் முதல்ல கண்டுபிடிச்சா. செடியப் பாத்து இல்ல, தரையப் பாத்து. "தொட்டிகிட்ட யாருட்டி பாகச் சிந்துனது? கால் ஒட்டுது"ன்னா. டைல்ஸ தொட்டுப் பாத்தா பிசுபிசுன்னு இருக்கு. சித்தெறும்பு வேற சுவரோரமா வரிசை போட்டு வந்து தண்டுல ஏறுது. நான் ராத்திரி ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோல இது ஒண்ணும் தெரியாதே! நேருக்கு நேரா வெளிச்சம் அடிச்சதுல மேடு பள்ளம் எல்லாம் தட்டையாயிருச்சு.

மறுநாள் காலைல தண்டு மேல பக்கவாட்டுல வெயில் விழுகிறப்போ பாத்தேன். ரெண்டு விதமான புள்ளி. ஒண்ணு மங்கலா, சின்னதா, தண்டு பூரா தெளிச்ச மாதிரி. இன்னொண்ணு பயத்தம்பருப்புல பாதி அளவு, நீள்வட்டம், நடுவுல லேசா முதுகு வளஞ்சது. அது கணுவுலயும் இலைக்கு அடில நடு நரம்போரமும் மட்டும் கூட்டமா உக்காந்திருக்கு. நகத்தால நெம்புனேன். ரெண்டாவது வகை முழுசா கழண்டு வந்துச்சு, நகத்துல ஈரம். முதல் வகை வரவே இல்ல, சுரண்டுனதும் பச்சைத் தோலும் வெள்ளப் பாலும்தான் வந்துச்சு.

வண்ணார்பேட்டை பைக்:
எறும்பு இருந்தா பூச்சி, எறும்பு இல்லேன்னா பூச்சி இல்ல. இவ்வளவுதான் விஷயம். நகத்த வச்சு செடியப் புண்ணாக்க வேண்டாம் மைனி.

அம்பை ஓய்வு:
தம்பி சொன்னதுல பாதி சரி. சாறு குடிச்சுட்டு மிச்சச் சர்க்கரைத் தண்ணிய வெளிய விடுதுல்லா, அதுக்குத்தான் எறும்பு வருது. அசுவினி, மாவுப்பூச்சி, மேல பாளை மாடிவீடு நகத்தால நெம்பி எடுத்த மென்மையான செதில் பூச்சி, மூணும் அப்படி விடும். ஆனா செதில் பூச்சில கெட்டி ஓடுள்ள ஒரு கூட்டம் இருக்கு. அது பாகு விடாது. தரை ஒட்டாது, எறும்பு வராது, கரும்பூசணம் படியாது. நீங்க எறும்பத் தேடிக்கிட்டிருக்கும்போது இலை மஞ்சளாகிக் கொட்டும். நாப்பது வருசம் தோட்டக்கலை பாத்தவன், நானே ஏமாந்திருக்கேன்.

பைக்கஸ்ல நகம் வராத அந்த மங்கல் புள்ளி பட்டைத்துளை. தண்டு மூச்சு விடுத இடம். கணுவுக்குக் கணு வளையம் போட்ட மாதிரி ஒரு கோடு வேற இருக்கும், அது குருத்த மூடியிருந்த உறை உதிர்ந்த தழும்பு. போட்டோல இதையெல்லாம் வட்டம் போட்டு பூச்சின்னு அனுப்புவாங்க. வளையம் முறையா, ஒரே இடைவெளில வந்துச்சுன்னா செடியோடது. பூச்சி அப்படிக் கணக்கு வச்சு உக்காராது.

தென்காசி ரோடு:
அண்ணாச்சி, எங்க தென்னை ஓலைக்கு அடில வெள்ளையா சுருள் சுருளா கோலம் போட்ட மாதிரி இருக்கு. கீழ இருக்க வாழையெல்லாம் கருப்பாயிருச்சு. இதுவும் மாவுப்பூச்சிதானே?

அம்பை ஓய்வு:
அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் முதல்ல தெரிஞ்சு இங்க வரைக்கும் வந்தது. ஓலைய ஆட்டுனா ஈ பறக்கும், மாவுப்பூச்சி பறக்குமா? தனியா எழுதுங்க, இங்க தொட்டிச்செடி பேசுதோம்.

மேலப்பாளையம் செம்பருத்தி:
வெள்ளையப் பாத்து ஏமாந்தது நானும்தான், மாறி ஏமாந்தேன். என் செம்பருத்தில மாவுப்பூச்சி வந்துச்சு. கணு இடுக்குல பஞ்சு திணிச்ச மாதிரி. அத எடுத்து நசுக்கினா ஆரஞ்சு கலர் நீர் வரும், அதனால சந்தேகம் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல பெரிய, நீட்டு நீட்டு மெழுகு நூல் தொங்குத வெள்ளைப் பூச்சி நாலஞ்சு. "ஆத்தாடி, மாவுப்பூச்சி பருத்திருச்சு"ன்னு அத்தனையும் நசுக்கிட்டேன். பின்னால ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அது மாவுப்பூச்சியத் தின்னுத பொறிவண்டோட புழு. நல்லவனக் கொன்னுட்டேன்.

அம்பை ஓய்வு:
அந்தப் புழு அப்படித்தான், திருடன் வேசத்துலயே போலீஸ். 1898-லயே நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டு. அதோட புழு நல்லா நகரும். மாவுப்பூச்சிய குச்சியால தொட்டா சோம்பலா நகரும், இல்ல அசையவே அசையாது. போட்டோவ விட பத்து செகண்ட் வீடியோ இதுக்கு உதவும்.

அசுவினிக்கும் ஒரு வார்த்தை. அது தண்டுல உக்காராம குருத்துலயும் மொட்டுலயும் கூட்டமா இருக்கும். போன்ல பெருசாக்கினா பின்பக்கம் ரெண்டு சின்ன குழல் நீட்டியிருக்கும். கீழ் இலைல வெள்ளைத் தூசி மாதிரி சட்டை கழட்டிப் போட்டிருக்கும், அதையும் மாவுப்பூச்சின்னு சிலர் எழுதுவாங்க.

வண்ணார்பேட்டை பைக்:
சரி அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன். எங்க கடைல அரேகா பனைத் தொட்டி இருக்கு. இலைல வட்டமா, ஆஃபாயில் மாதிரி நடுவுல ஒரு புள்ளி. எறும்பு கிடையாது. அதனால அழுக்குன்னு விட்டுட்டேன். இப்ப ஊசியால தூக்குனா மேல ஓடு மட்டும் தனியா கழண்டு வருது, அடில மஞ்சளா ஒரு புள்ளி.

அம்பை ஓய்வு:
அதேதான் நான் சொன்ன கெட்டி ஓட்டுக்காரன். ஊசியால குத்திப் பாரும். ஈரம் வந்தா உயிரோட இருக்கு. வறண்டு பொடியானா செத்துப்போச்சு, ஓடு மட்டும் ஒட்டியிருக்கு. இந்தச் சோதனைய விட்டுட்டு, செத்த ஓட்டுக்கு மூணு மாசம் மருந்து அடிச்சவங்க இருக்காங்க.

பாளை மாடிவீடு:
நான் பழைய பிரஷ்ஷால சோப்புத் தண்ணி போட்டு தேச்சு எடுத்தேன். அப்புறம் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கலந்து வாரம் ஒருக்கா சாயங்காலத்துல அடிச்சேன். மூணாவது வாரம் தரை ஒட்டல. ஜெயிச்சாச்சுன்னு நெனச்சுக்கிடலாமா, இல்ல குஞ்சு இன்னும் மிச்சம் இருக்குமா?

அம்பை ஓய்வு:
தாய் ஓட்டுக்கு அடில முட்டையப் பத்திரமா வச்சிருக்கும், மருந்து அங்க போகாது. பொரிஞ்சு வெளிய நடக்கிற குஞ்சுதான் உங்களுக்குச் சிக்கும். அது கண்ணுக்கு லேசுல தெரியாத அளவு. பூச்சி நிறைய இருந்த கிளைல ரெண்டு பக்கமும் ஒட்டுத டேப்ப ஒரு சுத்து சுத்தி விடுங்க. குஞ்சு நடந்தா ஒட்டிக்கிடும்.

மேலப்பாளையம் செம்பருத்தி:
எங்க வெயில்ல டேப் ரெண்டு நாள்ல கருகிரும். வீட்டுக்குள்ள இருக்க செடிக்கு சரிதான்.

பாளை மாடிவீடு:
டேப் போட்டு நாலு நாள் ஆச்சு. ஒட்டியிருக்கிற தூசிக்கு நடுவுல ரெண்டு மஞ்சப் புள்ளி தெரியுது. போன்ல பெருசாக்குனா கலங்குது. சனிக்கிழமை தம்பி லென்ஸ் கொண்டுட்டு வாரேன்னிருக்கான், அதுவரைக்கும் ஆச்சி தரையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்கா.