மின் பில் போட்டோவிலிருந்து யூனிட், கடைசி தேதி, தொகை எடுக்க உதவி வேண்டும்

எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் மின் பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள், அதிலிருந்து இந்த மூன்றையும் எடுக்க இப்படி ஓட்டுகிறேன்:

```
tesseract bill.jpg out -l tam+eng --psm 6 tsv
```

பில்லில் மடிப்பு விழுந்த இடத்தில் 3 என்பது 8 ஆகிவிடுகிறது. யூனிட்டுக்கு வழி இருக்கிறது: இப்போதைய ரீடிங் 4783, முந்தையது 4370, கழித்தால் 413, அதனால் 418 என்று படித்தால் தவறு உடனே தெரிந்துவிடும்.

தேதியும் தொகையும்தான் சிக்கல். ரீடிங் எடுத்த தேதி, பணம் கட்ட வேண்டிய கடைசி தேதி என்று இரண்டு இருக்கின்றன, படம் சாய்ந்திருந்தால் தலைப்பு ஒரு வரியிலும் தேதி அடுத்த வரியிலும் போய்விடுகிறது. `left`, `top` எண்களை வைத்து தலைப்புக்கு நேர் வலப்பக்கம் இருப்பதைப் பிடிக்கலாமா, இல்லை முதலில் சாய்வை நேராக்க வேண்டுமா? தொகையைச் சரிபார்க்க என்ன வழி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.