தனிமத்தின் உருவாதல் என்தால்பி சுழி: பாஸ்பரஸில் மட்டும் ஒரு குழப்பம்

அனைவருக்கும் வணக்கம். வெப்ப இயக்கவியலை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். என் புரிதல் சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

1 பார் அழுத்தத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒரு தனிமம் எந்த வடிவத்தில் மிகவும் நிலைப்புத்தன்மையுடன் இருக்கிறதோ அதையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டு, அதன் உருவாதல் என்தால்பியைச் சுழி என்கிறோம். கிராஃபைட்டிலிருந்து கிராஃபைட் உருவாவதில் மாற்றமே இல்லை என்பதால் இது இயல்பாகவே படுகிறது. அதில் ஆற்றலே இல்லை என்று இதற்குப் பொருளல்ல என்பதை உணரத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

25 °C-இல் ஒரு மோல் கிராஃபைட் எரிந்தால் 393.5 கிலோஜூலும், வைரம் எரிந்தால் 395.4 கிலோஜூலும் வெளிப்படுகின்றன. இரண்டிலும் கிடைப்பது CO₂ மட்டுமே என்பதால், வைரத்தின் மதிப்பு +1.9 ஆகிறது. கிராஃபைட்டுக்குச் சுழிக்குப் பதில் 100 என்று வைத்தாலும் வைரம் 101.9 ஆகவும், CO₂ −293.5 ஆகவும் மாறுமே தவிர, எரிதல் வெப்பம் மாறாது. சமன் செய்த சமன்பாட்டின் இருபுறமும் கார்பன் அணுக்கள் சம எண்ணிக்கையில் இருப்பதே காரணம்.

பாஸ்பரஸில்தான் இடிக்கிறது. வெள்ளைப் பாஸ்பரஸைவிடச் சிவப்புப் பாஸ்பரஸ் அதிக நிலைப்புத்தன்மை உடையது என்றாலும், அட்டவணையில் வெள்ளைப் பாஸ்பரஸுக்குச் சுழியும், சிவப்புக்கு எதிர்க்குறி மதிப்பும் உள்ளன. இந்த விதிவிலக்குக்கு என்ன காரணம்? கணக்கில் வடிவம் குறிப்பிடப்படாவிட்டால் எதை எடுத்துக்கொள்வது?