பேசாத நேரத்து மூச்சும் முழங்கால் துள்ளலும்: பிளெண்டரில் உதவி தேவை

வணக்கம். நின்றபடி பேசும் கதாபாத்திரம், ரிக்கிஃபை ரிக், நொடிக்கு 24 ஃபிரேம். மூச்சு 84 ஃபிரேம் லூப்: 32-ல் உள்ளே, மீதியில் வெளியே. மார்பு எலும்பு 2 டிகிரி, தோள்கள் 3 ஃபிரேம் தாமதம். NLA-வில் தனி ஸ்டிரிப்பாக, `Combine` முறையில் மேலே ஓடுகிறது.

சும்மா நிற்கும்போது பிரச்சினையில்லை. வசனம் தொடங்கினால்தான் சிக்கல். பேசுவதற்கு முன் சட்டென்று மூச்சை இழுப்போம், பேசும்போது அது மெல்ல வெளியேறும். லூப்புக்கு இது தெரியாது. வாக்கியத்தின் நடுவில் மார்பு ஏறுகிறது, பொம்மை மாதிரி. `Influence`-ஐ 6 ஃபிரேமில் பூஜ்யமாக்கினேன். மார்பு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து அது விழுந்தால் தோள் தொப்பென்று இறங்குகிறது. `Strip Time`-க்குக் கீ வைத்து, மூச்சு வெளியேறி முடிந்த இடத்தில் லூப்பை நிறுத்தி, அங்கிருந்து வசனத்துக்கான மூச்சைக் கையால் போடுவது சரிவருமா? இல்லை, லூப்பே வேண்டாமா?

இன்னொன்று, எடை மாற்றம். வசன இடைவெளியில் இடுப்பு 6 செ.மீ. இடப்பக்கம் நகர்கிறது, எடை தாங்கும் பக்கத்து இடுப்பு உயர, அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. பாதங்கள் IK-யில் அசையாமல்தான் இருக்கின்றன. ஆனால் எடை விட்ட வலது கால் முழுதாக நீளும் ஃபிரேமில் முழங்கால் துள்ளுகிறது. நடுவில் இடுப்பை 1.5 செ.மீ. இறக்கினால் துள்ளல் போகிறது, ஆனால் உட்காரப்போவது போலத் தெரிகிறது. `IK Stretch`-ஐ ஓரளவு விடலாமா, அல்லது வலது குதிகாலைத் தூக்குவதுதான் வழக்கமா? செய்து பார்த்தவர்கள் கிராஃப் எடிட்டர் படத்தோடு சொன்னால் நல்லது.