கிளாசிக் ராக் ரேடியோ உறைந்தது எப்போது?

> “1996ல் அமெரிக்காவில் கிளிண்டன் கையெழுத்துப் போட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தோடுதான் கிளாசிக் ராக் ரேடியோ அதே பழைய பாட்டுகளிலேயே உறைந்துபோனது. அதற்கு முன்பு டிஜேக்கள் இஷ்டப்பட்டதைப் போட்டார்கள்.” (பேஸ் பாலா, நேற்று)

நள்ளிரவு ரேடியோ: பாலா, இதை மூன்றாவது தடவையாக எழுதுகிறீர்கள். 1991ல் ஓஹையோவில் ஒரு சின்ன நிலையத்தில் இரவுப் பணியில் இருந்தேன். இஷ்டப்பட்டதை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. பட்டியல் கணினியிலிருந்து அச்சாகி வரும். மீறினால் மறுநாள் காலை திட்டு விழும். பட்டியல் எங்கிருந்து வந்தது? பத்து விநாடியிலிருந்து.

ஓட்டல் ஹாலில் நூறு பேரை உட்காரவைத்து, கையில் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒவ்வொரு பாட்டிலும் எல்லோருக்கும் தெரிந்த இடத்தை மட்டும் சுமார் பத்து விநாடி ஒலிக்கவிடுவார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். தெரியாத பாட்டென்றால் அதற்குத் தனிக் கட்டம். ஒரே மாலையில் அறுநூறு துண்டுகள். நானூறைத் தாண்டும்போது பாதிப் பேர் காபியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரோரி காலகரின் பாட்டு ஒன்றை நான் கெஞ்சிச் சேர்க்கவைத்தேன். பிடிக்கவில்லை என்று யாரும் போடவில்லை, ‘தெரியாது’ என்று போட்டார்கள். பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒலிபரப்பினால்தான் தெரியும், தெரிந்தால்தான் ஒலிபரப்பு.

பேஸ் பாலா: ஓஹையோ கதை அருமை. 1996 வரை ஒரு கம்பெனி நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் வந்த சில வருடங்களில் கிளியர் சேனல் கையில் ஆயிரத்துக்கும் மேல். இது உறையவைக்கவில்லை என்றால் எது?

நள்ளிரவு ரேடியோ: உறைந்ததை வாங்கினார்கள். ரேடியோ ஆலோசகர் லீ ஏப்ரம்ஸ் எழுபதுகளிலேயே ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ என்று ஒரே அச்சை ஊர் ஊராக விற்றவர். 1985ல் மிச்சிகனில் ஃபிரெட் ஜேக்கப்ஸ் புதுப் பாட்டே வேண்டாம் என்று கிளாசிக் ராக்கைத் தனி வடிவமாகவே ஆக்கிவிட்டார். 85 பெரியதா 96 பெரியதா, எண்ணத் தெரியுமல்லவா?

ஸ்கார்பரோ சிவா: நான் டொராண்டோவில் டிரக் ஓட்டுகிறேன். இங்கே ரஷ், கெஸ் ஹூ, டிராஜிக்கலி ஹிப், திரும்ப ரஷ். இதுவும் அந்த கிளிண்டன் சட்டம்தானா?

பேஸ் பாலா: அண்ணே, அது கனடா. நூற்றுக்கு 35 பாட்டு கனடாக்காரர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது உங்கள் ஊர் விதி. இழையைத் திருப்பாதீர்கள்.

ஸ்கார்பரோ சிவா: அப்ப 35 பங்கையும் ரஷ்ஷே நிரப்ப வேண்டுமா? அதைத்தான் கேட்டேன்.

நள்ளிரவு ரேடியோ: சிவா சரியாகக் கேட்கிறார். ஒதுக்கீடு இருந்தும் தெரிந்த நாலு பேரைத்தான் போடுகிறார்கள். அங்கேயும் அதே பத்து விநாடி.

மீனா_78: பத்து விநாடி, பத்து விநாடி! ஹாலுக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில். அந்த நிலையத்தையே கேட்கும் நடுத்தர வயது வெள்ளைக்கார ஆண்கள். அவர்களிடம் அவர்கள் பட்டியலையே காட்டி மார்க் வாங்கினீர்கள். கறுப்பினத்தவர் என்றால் ஹெண்ட்ரிக்ஸோடு முடித்துவிட்டீர்கள். தின் லிஸியின் ஃபில் லைனட் என்ன பாவம் செய்தார்? ‘தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்’ விட்டால் அவரையே காணோம்.

நள்ளிரவு ரேடியோ: விளம்பரக்காரர்கள் கேட்டது 25 முதல் 54 வயது. அதற்குள் ஆண்கள். நான் கூப்பிடவில்லை, நான் இரவுப் பணியாள்.

மீனா_78: பட்டியல் கணினி போட்டது, ஆளை யாரோ கூப்பிட்டார்கள். நீங்கள் மட்டும் காலகருக்காகக் கெஞ்சினீர்கள். நல்லது.

பேஸ் பாலா: 😂 2014ல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற புள்ளிவிவரத் தளம் 25 நிலையங்களை ஒரு வாரம் கணக்கெடுத்தது. 37,000க்கு மேல் ஒலிபரப்பு, பாட்டுகளோ 2,230தான். அதிலும் 25 கலைஞர்களே கிட்டத்தட்ட பாதி. 2014 என்பது 1996க்குப் பின்னால் வருகிறது சார், எண்ணிப் பாருங்கள்.

நள்ளிரவு ரேடியோ: அப்படி ஒலித்தவற்றில் பாதிக்கு மேல் 1973 முதல் 1982க்குள் வந்த பாட்டுகள். முகம் பார்த்த கண்ணாடி 2014தான், முகம் பழசு. போன வருடம் பிங்க் ஃபிளாய்ட் இழையிலும் இப்படித்தான் தேதியைக் குழப்பினீர்கள்.

பேஸ் பாலா: அங்கே நான் சொன்னதுதான் சரி. இணைப்பு தரட்டுமா?

ஸ்கார்பரோ சிவா: கன்ஸ் அன்ட் ரோசஸ் கிளாசிக் ராக்கா இல்லையா? நேற்று போட்டார்கள்.

மீனா_78: ஐயோ.

நள்ளிரவு ரேடியோ: இல்லை. பாலா, இணைப்பைத் தாருங்கள்.

பேஸ் பாலா: ஆமாம், கிளாசிக் ராக்தான். 1987ல் வந்த ஆல்பம். இணைப்பு தேடுகிறேன், பொறுங்கள்.