நேர்காணல் சுருக்கத்தில் "தன்னம்பிக்கை போதாது" என்று இருக்கிறது. எப்படித் திருத்துவது?

கிண்டி வாசகி: கணக்கு உதவியாளர் பணிக்கு மூவர் குழுவாக நேர்காணல் நடத்தினோம். சுருக்கத்தை நான்தான் எழுத வேண்டும். மூத்தவர் சொன்னபடி, "நல்ல பையன், தன்னம்பிக்கை போதாது, நம் சூழலுக்கு ஒத்துவர மாட்டார்" என்று எழுதினேன். நிர்வாகம் "ஆதாரம் எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டது. வேறு எப்படி எழுதுவது?

அம்பத்தூர் குமார்: பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடுங்கள். தன்னம்பிக்கை 4, அறிவு 7. எண்ணை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மயிலை மனிதவளம்: ஒவ்வொருவரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனியாக மதிப்பெண் போட்டிருந்தால் உதவும். ஆனால் எதைப் பார்த்து 4 என்று சொல்லாவிட்டால், அதுவும் அபிப்பிராயம்தான். வாசகி, அந்தச் சொல் எந்தக் கேள்வியின்போது வந்தது? அன்றைய குறிப்புகளைப் பாருங்கள்.

கிண்டி வாசகி: கொள்முதல் பதிவேட்டுக்கும், விற்றவர்கள் தாக்கல் செய்த விவரத்திலிருந்து வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கைக்கும் வித்தியாசம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். பில் வாரியாக ஒப்பிட்டு, விடுபட்டதற்கு விற்றவரிடம் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தாரா என்று கேட்பேன் என்றார். "மேலதிகாரி அதற்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியின் கழிவை, எடுக்கச் சொன்னால்?" என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "2பி-யில் வராமல் எடுக்க முடியாது என்று சொல்வேன்" என்றார்.

மயிலை மனிதவளம்: அந்த மௌனத்தைத்தான் மூத்தவர் தன்னம்பிக்கைக் குறைவு என்று படித்திருக்கிறார். பதிலோ இந்தப் பணிக்கு வேண்டிய பதில்! இப்படி எழுதலாம்: "வித்தியாசத்தைப் பில் வாரியாகக் கண்டுபிடிக்கும் முறையைச் சொன்னார். தவறான வரவை எடுக்கச் சொன்னால் மறுப்பேன் என்றார். பதிலுக்குச் சற்று யோசித்தார்." கேள்வி, அவர் சொன்னது, பணிக்கு அது ஏன் முக்கியம் என்ற வரிசையில் எழுதி, தீர்ப்பைக் கடைசியில் வையுங்கள். "சூழலுக்கு ஒத்துவர மாட்டார்" என்பதற்குக் குறிப்பே இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். கூட்டு வேலை பற்றிக் கேட்கவே இல்லையென்றால் "மதிப்பிடப்படவில்லை" என்று எழுதுங்கள். இப்போது ஆதாரத்தைத் தேடிப் பொருத்தாதீர்கள்.

தாம்பரம் ரவி: என்னையும் இப்படித்தான் நிராகரித்தார்கள். காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. அந்தச் சுருக்கத்தைக் கேட்டு வாங்க வழி உண்டா?

மயிலை மனிதவளம்: அது வேறு விஷயம், ரவி. தனியார் நிறுவனமா, அரசுத் துறையா என்பதைப் பொறுத்தது. தனி இழை தொடங்குங்கள்.

அம்பத்தூர் குமார்: வாடிக்கையாளரிடம் பேசும் வேலையானால் தயக்கமும் ஆதாரம்தானே?

மயிலை மனிதவளம்: ஆம், அந்த வேலையானால். அப்போதும் எந்த இடத்தில் தயங்கினார் என்று எழுத வேண்டும்.

கிண்டி வாசகி: திருத்தியதைக் காட்டினேன். மூத்தவர் "முப்பது வருட அனுபவத்தில் ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்கிறார், "தன்னம்பிக்கை போதாது" என்பதை நீக்க ஒப்பவில்லை. அவர் பெயரில் தனிக் கருத்தாகக் கீழே போடலாமா?

மயிலை மனிதவளம்: போடலாம். ஆனால் எதைக் கண்டு என்று ஒரு வரி அவரே எழுதிக் கையெழுத்திடட்டும்.

கிண்டி வாசகி: கேட்டுப் பார்க்கிறேன். ஒப்புவாரா என்பது சந்தேகம்தான்.