புதுப்பிப்பு: உதவித்தொகைக் கட்டுரையைத் திருத்திவிட்டேன்

போன வாரம் உதவித்தொகைக் கட்டுரை பற்றி இங்கே நான் கேட்டது: “அப்பாவுக்கு விபத்து, அம்மா தையல். எப்படி எழுதினாலும் கெஞ்சுவது போலவே வருகிறது. என்ன செய்ய?”

பதில் எழுதியவர்களில் பேங்கில் வேலை பார்த்த அக்கா சொன்னபடி, “மிகவும் ஏழ்மையான குடும்பம்” என்ற வரியை எடுத்துவிட்டுக் கணக்கை வைத்தேன்: ஆண்டுக் கட்டணம் 58,000 ரூபாய். அம்மாவின் சீட்டுப் பணம் 20,000. நான் டியூஷன் எடுத்து வருவது மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. மீதி 20,000 குறைகிறது, அதைத்தான் கேட்கிறேன். படித்தபோது எனக்கே கூச்சம் போய்விட்டது.

“கஷ்டத்தையே எழுதாதே, மார்க் போதும்” என்றார் ஒருவர். மெரிட் உதவித்தொகைக்கு அது சரி. இது வருமானம் பார்த்துத் தருவது, காரணம் தெரிய வேண்டுமே.

ஆனால் ஒரு சிக்கல். கட்டுரையில் அம்மாவின் வருமானம் மாதம் 11,000, அதாவது ஆண்டுக்கு 1,32,000. வருமானச் சான்றிதழில் 96,000. அது போன வருடம் வாங்கியது. இரண்டும் முட்டினால் சந்தேகம் வரும் என்று அக்கா எச்சரித்தார். புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

விபத்துக்கு ஒரே வரிதான் விட்டிருக்கிறேன்: “2022 முதல் அப்பாவால் லோடு ஏற்ற முடியவில்லை.” போதுமா, தெரியவில்லை. அம்மா இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்கிறார்.